ரிவியூ மீட்டிங் மினிட்ஸ்: கதை ஒரு தாளில், முடிவு இன்னொரு தாளில்

கேள்வி: "வாழப்பாடி பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகாமல், தொட்டியில் இருந்த பால் முழுக்கக் கெட்டுவிட்டது. அதற்கான ரிவியூ மீட்டிங் மினிட்ஸை நான்தான் எழுதினேன், நாலு பக்கம் வந்தது. 'நாம என்ன செய்யப்போறோம்ங்கிறது இதுல எங்கேம்மா இருக்கு?' என்று மேனேஜர் கேட்கிறார். சுருக்கினால் நடந்ததை மறைத்ததாக ஆகிவிடும் என்கிறார் சூப்பர்வைசர். எப்படித்தான் எழுதுவது?"

பதில்:

இரண்டு தாள் போடுங்கள். எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, யார் யாருக்குப் போன் செய்தார், தொட்டியின் வெப்பநிலை எந்த நேரத்தில் எவ்வளவு, லேப் டெஸ்டில் என்ன வந்தது என்பதெல்லாம் சம்பவ அறிக்கை. அது எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போகலாம். அதற்கு ஓர் எண் கொடுத்து, லாக் புக் நகல்களோடு ஃபைலில் வையுங்கள். மினிட்ஸில் அந்த எண் மட்டும் வந்தால் போதும். நடந்தது முழுக்கப் பதிவில் இருப்பதால் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

அறிக்கையை மீட்டிங்குக்கு ஒரு நாள் முன்பே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அது தயாராகாமல் கூட்டம் போட்டால், முதல் முக்கால் மணி நேரம் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆளாளுக்குச் சொல்வதிலேயே போய்விடும். உங்களுக்கு நாலு பக்கம் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மினிட்ஸின் தலைப்பகுதியில் கூட்டம் நடந்த தேதி, வந்தவர்கள், வராதவர்கள் பெயர். அதன் கீழே சம்பவத்துக்கு இரண்டு வரி, காரணத்துக்கு இரண்டு வரி. உங்கள் நிலையத்துக்கு அது ஏறக்குறைய இப்படி அமையும் (விவரங்களும் தேதிகளும் உதாரணத்துக்காக):

சம்பவம்: மே 28 மாலை மின்தடை, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, 5,000 லிட்டர் தொட்டியில் இருந்த பால் கெட்டது. முழு விவரம் சம்பவ அறிக்கை எண் 4-இல்.

காரணம்: ஜெனரேட்டர் பேனலில் உள்ள பேட்டரி சார்ஜர் வேலை செய்யாததால் பேட்டரி இறங்கியிருந்தது. குளிரூட்டி ஓடாத நேரத்தில் மாலைப் பாலும் தொட்டியில் ஊற்றப்பட்டது.

காரணத்தை விடாமல் எழுதச் சொல்வது, கீழே வரும் முடிவுகளை அதோடு ஒட்டிப் பார்ப்பதற்காக. 'புது பேட்டரி வாங்குவது' என்று மட்டும் முடிவு இருந்தால், காரண வரியைப் படிக்கிறவருக்கே ஓட்டை தெரிந்துவிடும்: சார்ஜரைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் சில வாரங்களில் இறங்கிவிடும். இரண்டாவது காரணமும் அப்படித்தான். 4 டிகிரிக்குக் குளிர்ந்த பால் நல்ல இன்சுலேஷன் உள்ள தொட்டியில் சில மணி நேரம் தாங்கும். அதன் மேல் கறந்த சூட்டோடு வந்த பாலை ஊற்றினால் மொத்தமும் சூடேறிவிடும். ஜெனரேட்டரைப் பற்றி எத்தனை முடிவு எடுத்தாலும், இதற்கென்று ஒரு முடிவு இல்லையென்றால் கூட்டம் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இனி முடிவுகள். பக்கத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். உங்கள் நாலு பக்கத்தில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "பேட்டரியை அவ்வப்போது செக் செய்யுமாறு பராமரிப்புப் பிரிவினருக்கு அறிவுறுத்தப்பட்டது." நம் அலுவலக நடையில் இந்த 'அறிவுறுத்தப்பட்டது', 'ஆவன செய்யப்படும்' எல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும். இதில் யார் செய்வார் என்பது இல்லை, எப்போது என்பதும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, 'செக்' என்றால் என்ன என்று இல்லாதது. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தால், பழைய பேட்டரிகூட 12.5, 12.6 காட்டும். பார்த்தவர் நல்லாருக்கு என்று டிக் போட்டுவிடுவார். ஸ்டார்ட்டரைச் சுற்ற வைக்கும்போது அதே பேட்டரி 8 வோல்ட்டுக்கு விழுந்து, எஞ்சின் அசையாமல் நிற்கும். ஆகவே அளவையும், அதை எந்த நிலையில் எடுப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முடிவு 1: பேனல் சார்ஜரை மாற்றி, புது பேட்டரி போடுவது. பொறுப்பு: எலக்ட்ரீசியன். தேதி: ஜூன் 14. முடிந்ததற்கு அடையாளம்: மெயின் கரண்ட் இருக்கும்போது பேட்டரி முனையில் 13.2 வோல்ட்டுக்குக் குறையாத அளவு, போட்டோவுடன்.

முடிவு 2: ஒவ்வொரு திங்களும் காலைப் பால் குளிர்ந்த பிறகு மெயின் பிரேக்கரை இறக்கி, ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்து, கம்ப்ரசர் லோடில் 30 நிமிடம் ஓட்டுவது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அன்றே மேனேஜருக்குச் சொல்வது. பொறுப்பு: பிளான்ட் சூப்பர்வைசர். முதல் ஓட்டம்: ஜூன் 17. அடையாளம்: லாக் புக்கில் தொடர்ந்து நாலு வாரப் பதிவு.

இரண்டாவதில் 'மெயின் பிரேக்கரை இறக்கி' என்று எழுதுவது முக்கியம். 'வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது' என்று விட்டால், ஆபரேட்டர் சாவியைத் திருப்பி ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டி நிறுத்திவிடுவார். அவர் மேல் தப்பில்லை, மினிட்ஸ் அவ்வளவுதான் கேட்டது. ஆனால் கரண்ட் போனால் பேனல் தானாக ஸ்டார்ட் கொடுக்குமா என்பது அதில் தெரியவே தெரியாது. டீசல் எஞ்சினை லோடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கரியும் படியும்.

இங்கே பதவியை மட்டும் போட்டிருக்கிறேன். உங்கள் மினிட்ஸில் ஆள் பெயர் வர வேண்டும். ஷிப்டுக்கு ஒருவராக மூன்று எலக்ட்ரீசியன் இருக்கும் இடத்தில் 'எலக்ட்ரீசியன்' என்று எழுதினால் மூவரும் மற்ற இருவரைப் பார்ப்பார்கள். வேலையைப் பத்துப் பேர் சேர்ந்து செய்யலாம், பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்த ஆள் கூட்டத்துக்கு வரவில்லையென்றால், போனில் கேட்டு அவர் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுங்கள். அதேபோல் பெயர்கள் வருகைப் பட்டியலுக்கும் பொறுப்பு வரிக்கும் மட்டுமே. அன்று மாலை பால் ஊற்றியவர் யார் என்பது அறிக்கையில் ஷிப்டு விவரமாக இருக்கட்டும். மினிட்ஸில் வந்தால் அது குற்றப்பத்திரிகை போல ஆகி, அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

'பால் ஊற்றுவதில் இனி கவனமாக இருக்க வேண்டும்' என்பது போன்ற வரியை முடிவாக ஏற்காதீர்கள். குறித்த நாளில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பார்த்து, 'ஆச்சு' அல்லது 'ஆகலை' என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கவனத்தை அப்படிப் பார்க்க முடியாது. கூட்டத்திலேயே நிறுத்தி, "அப்படின்னா ஊத்தாம என்ன செய்யறது?" என்று கேளுங்கள். குளிரூட்டி ஓடவில்லையென்றால் கேனிலேயே வைத்து வேறு நிலையத்துக்கு அனுப்புவது என்று யாராவது சொல்வார்கள். உடனே அடுத்த கேள்வி எழும்: எந்த நிலையம் வாங்கிக்கொள்ளும், வண்டி யாருடையது? ஆக இது ஒரு முடிவு இல்லை, இரண்டு.

முடிவு 3: மின்தடையின்போது நம் கேன்களை ஏற்றுக்கொள்ள பக்கத்து நிலையம் ஒன்றிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, வண்டிக்கும் ஏற்பாடு செய்வது. பொறுப்பு: மேனேஜர். தேதி: ஜூன் 20.

முடிவு 4: கம்ப்ரசர் ஓடாதபோது தொட்டியில் புதுப் பால் ஊற்றுவதில்லை என்ற விதியை, அனுப்ப வேண்டிய நிலையத்தின் போன் நம்பரோடு தொட்டி அருகில் ஒட்டி, மூன்று ஷிப்டுக்கும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது. பொறுப்பு: பிளான்ட் சூப்பர்வைசர். தேதி: ஜூன் 22, முடிவு 3 முடிந்த பிறகு.

தேதியைப் பொறுப்பாளர் வாயிலிருந்தே வாங்குங்கள். 'உடனடியாக', 'விரைவில்' என்று சொன்னால் நாள்காட்டியை நீட்டுங்கள். பேட்டரி சேலத்தில் போன அன்றே கிடைத்துவிடும். பேனலுக்குப் பொருந்தும் சார்ஜரை ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டியிருந்தால், தேதி அதைப் பார்த்துத்தான் அமைய வேண்டும். அதுவரை என்ன செய்வது என்பதும் ஒரு வரி: தனி சார்ஜர் போட்டு வைப்பது, பொறுப்பு யார், இன்றிலிருந்தா நாளையிலிருந்தா. நீண்ட தேதி கொடுத்துவிட்டு நடுவில் வரும் மின்தடையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கூட்டத்தில் முடிவாகாத விஷயங்களும் இருக்கும். வெப்பநிலை ஏறினால் போனுக்கு அழைப்பு வரும் அலாரம் வேண்டும் என்று பேசியிருப்பீர்கள். எத்தனை டிகிரியில் அடிக்க வேண்டும்? 6 டிகிரி என்று வைத்தால் காலையும் மாலையும் பால் ஊற்றும்போதெல்லாம் அடிக்கும், ஒரே வாரத்தில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். விடை கூட்டத்தில் கிடைக்காவிட்டால் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதாமல் கேள்வியாகவே எழுதுங்கள்: "அலாரம் எத்தனை டிகிரியில், பால் ஊற்றி எவ்வளவு நேரம் கழித்து அடிக்க வேண்டும்? இரண்டு வார வெப்பநிலைப் பதிவைப் பார்த்துச் சொல்பவர்: லேப் பொறுப்பாளர், ஜூன் 28." வேண்டாம் என்று தள்ளியதற்கும் ஒரு வரி கொடுங்கள்: "இரண்டாவது ஜெனரேட்டர் வாங்குவதில்லை, முடிவு 3 ஏற்பாடு போதும் என்று கூட்டம் கருதியது." இந்த வரி இல்லையென்றால் அடுத்த மின்தடைக்குப் பிறகு அதே பேச்சை முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முடிவும் ஆனவுடன் அதை எழுதி, அங்கேயே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதும்போதுதான் கதை உள்ளே நுழைகிறது. அன்றே அனுப்பி, திருத்தம் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள். 'நான் அப்படிச் செய்யவில்லை' என்ற வகைத் திருத்தம் வந்தால் அது சம்பவ அறிக்கைக்குப் போகட்டும். முடிவு, பெயர், தேதி இவற்றில் பிழை இருந்தால் மட்டும் மினிட்ஸைத் திருத்துங்கள்.

தேதி தவறினால் பழைய தேதியை அழிக்காதீர்கள். அதன் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புதுத் தேதியும் காரணமும் எழுதுங்கள். ஒரே முடிவு இரண்டு முறை தள்ளிப்போனால், பொறுப்பாளருக்குப் பணம் எடுக்கவோ ஆளை ஏவவோ அதிகாரம் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அந்த வரியை மேனேஜர் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 'முடிந்தது' என்று எழுதுவது பொறுப்பாளர் அல்லாத ஒருவராக இருக்கட்டும். முடிவு 2-க்கு அவர் லாக் புக்கைத் திறந்து, நாலு திங்கள்கிழமைப் பதிவிலும் ஸ்டார்ட் ஆன நேரமும் வோல்ட் அளவும் இருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.