சக்கரத்தின் அடியில் அமிழும் தண்டவாளம் எங்கே நிமிர்கிறது?

கேள்வி: தனியார் ஆலையின் சரக்கு ரயில் பாதைக்கு வடிவமைப்புக் கணக்குப் போடுகிறேன். தண்டவாளத்தை மீள்தன்மையுள்ள தரைமேல் கிடக்கும் நீண்ட உத்திரமாக எடுத்துக்கொண்டால் நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வருகிறது. அதற்கு நான்கு மாறிலிகள். ஆனால் உத்திரத்துக்கு முனையே இல்லை, நிபந்தனைகளை எங்கே போடுவது? கணினி மாதிரியில் எத்தனை மீட்டர் எடுத்தால் போதும்?

பதில்: சுமை நிற்கும் புள்ளியைத் தவிர மற்ற இடங்களில் தண்டவாளத்தின்மேல் செயல்படுவது தரையின் எதிர்விசை மட்டுமே. 1867-ல் விங்க்லர் முன்வைத்த கருதுகோளின்படி, அந்த எதிர்விசை அந்தந்த இடத்தின் இறக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சமன்பாடு இது:

```
EI w'''' + k w = 0
β = (k / 4EI)^(1/4)
```

இதில் w தண்டவாளத்தின் இறக்கம், EI அதன் வளைவு விறைப்பு, k என்பது ஒரு மீட்டர் நீளத் தண்டவாளம் ஒரு மீட்டர் இறங்கத் தேவையான விசை. மண் ஆய்வறிக்கையில் வரும் எண் பரப்பளவைச் சார்ந்தது. அதை அடித்தள அகலத்தால் பெருக்கிய பிறகே இங்கே பயன்படுத்த வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்த கணக்குகள் நிறைய உண்டு, ஆகவே முதலில் அலகைச் சரிபாருங்கள். தண்டவாளத்துக்கு அந்த வழியே தேவையில்லை. ஒரு ஸ்லீப்பரில் ஒரு தண்டவாளம் அமரும் இடத்தின் விறைப்பை ஸ்லீப்பர் இடைவெளியால் வகுத்தால் k கிடைத்துவிடும். அந்த விறைப்பு மி.மீ.க்கு 12 கிலோநியூட்டன், இடைவெளி 600 மி.மீ. என்றால், k = 20 நியூட்டன்/மி.மீ².

இனி மாறிலிகள். தீர்வை e^(mx) என்று வைத்தால் m⁴ = −4β⁴ ஆகும். அதன் நான்கு மூலங்கள் ±β ± iβ. இவற்றில் இரண்டு, சுமையிலிருந்து விலக விலகப் பெருகிக்கொண்டே போகும். மற்ற இரண்டு தேயும். முடிவில்லாத் தூரத்தில் தண்டவாளம் அசையாமல் கிடக்கிறது என்பதால் பெருகும் இரண்டையும் நீக்கிவிடலாம். நீங்கள் தேடிய இரண்டு நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன. மீதி இரண்டும் சுமைக்கு அடியில் கிடைக்கும்: இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் அங்கே சாய்வு பூஜ்யம், சுமையில் பாதியை ஒவ்வொரு பக்கமும் தாங்குவதால் வெட்டு விசை P/2. முடிவு:

```
w(x) = (Pβ/2k) · e^(-βx) · (cos βx + sin βx)
M(x) = (P/4β) · e^(-βx) · (cos βx − sin βx)
```

x என்பது சுமையிலிருந்து ஒரு பக்கமாக அளந்த தூரம். சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: k·w-ஐ இரு பக்கமும் முழு நீளத்துக்குத் தொகையிட்டால் P திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் குறியிலோ 2 என்ற எண்ணிலோ பிழை இருக்கிறது.

மூலங்களின் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் ஒரே β-வாக இருப்பதைக் கவனியுங்கள். தேய்வும் அலையும் ஒரே அளவுகோலில் நடக்கின்றன என்பது இதன் பொருள். ஆகவே 1/β என்ற ஒரே நீளம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலை ஒரு சுற்று முடிப்பதற்குள் அதன் வீச்சு ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

60 கிலோ தண்டவாளத்தையே எடுப்போம். நிலைமத் திருப்புத்திறன் 3,038 செ.மீ⁴, E = 210 கிகாபாஸ்கல்; EI சுமார் 6.38 மெகாநியூட்டன்·மீ². மேலே கண்ட k-யுடன் β = 0.941/மீட்டர், 1/β = 1.06 மீட்டர். 100 கிலோநியூட்டன் சக்கரச் சுமையின் நேர் அடியில் இறக்கம் 2.35 மி.மீ., வளைவுத் திருப்புத்திறன் 26.6 கிலோநியூட்டன்·மீட்டர். 1.06 மீட்டர் தள்ளிப் பார்த்தால் இறக்கம் 1.2 மி.மீ.; 2.13 மீட்டரில் 0.16 மி.மீ. மட்டுமே. 2.5 மீட்டரில், அதாவது βx = 3π/4 ஆகுமிடத்தில், இறக்கம் பூஜ்யம். அதைத் தாண்டினால் தண்டவாளம் மேலே எழும்புகிறது. 3.34 மீட்டரில் அந்த எழும்பல் உச்சத்தைத் தொட்டு 0.10 மி.மீ. ஆகும், அடியில் இருந்த இறக்கத்தில் இது 4.3 சதவீதம்.

இந்த எழும்பலைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். சமன்பாட்டில் உள்ள தரை, தண்டவாளத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பதாகக் கொள்ளப்படுகிறது. சரளைக்கல்லுக்கு அப்படி இழுக்கத் தெரியாது. எழும்பல் உச்சத்தில் தேவைப்படும் இழுவிசை மீட்டருக்கு 2.0 கிலோநியூட்டன். தண்டவாளத்தின் எடை மீட்டருக்கு 0.6 கிலோநியூட்டன் மட்டுமே. ஆனால் சுமார் 270 கிலோ எடையுள்ள கான்கிரீட் ஸ்லீப்பரின் பாதி எடையை 600 மி.மீ. இடைவெளியால் வகுத்து அதையும் சேர்த்தால் 2.8 வருகிறது. கிளிப்புகள் இறுக்கமாக இருந்தால் பாதை தரையை விட்டு எழாது, சூத்திரமும் செல்லும். கிளிப்பு தளர்ந்து தண்டவாளம் மட்டும் எழுந்தால் நிலைமை வேறு: தொடர்பு விட்டுப்போன பகுதியைத் தனியாகக் கணக்கிட வேண்டும், அதற்கு அழுத்தத்தை மட்டும் தாங்கும் ஸ்பிரிங்குகள் உள்ள மாதிரி தேவை. உங்கள் சக்கரச் சுமை 138 கிலோநியூட்டனைத் தாண்டினால் இறுக்கமான பாதையிலும் இதே சிக்கல் எழும்.

மாதிரியின் நீளத்துக்கு வருகிறேன். சுமையிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் π/β, அதாவது 3.34 மீட்டர் வைத்தால், முனையில் எஞ்சியிருப்பது 4 சதவீதம்; முதல்கட்ட மதிப்பீட்டுக்கு அது போதும். நான் 2π/β எடுக்கவே சொல்வேன்: ஒவ்வொரு பக்கமும் 6.7 மீட்டர், மொத்தம் 13.4 மீட்டர் அளவுக்கு. அங்கே எஞ்சுவது 0.2 சதவீதம். அதற்கு மேல் நீட்டுவதால் விடையில் எதுவும் மாறாது. பல சக்கரங்கள் இருந்தால் கடைசிச் சக்கரத்திலிருந்து இந்தத் தூரத்தை அளவிடுங்கள்.

k-யின் மதிப்பு உறுதியாகத் தெரியாதது எவ்வளவு பாதிக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். β-வில் k நான்காம் மூலமாக மட்டுமே வருவதால், k பாதியாகக் குறைந்தாலும் வளைவுத் திருப்புத்திறன் 19 சதவீதம்தான் கூடும். இறக்கமோ 68 சதவீதம் கூடிவிடும். ஆகவே தண்டவாளத்தின் தகைவை நம்பிக்கையோடு சொல்லலாம், இறக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. பழைய பாதை ஏதாவது அருகில் இருந்தால், தெரிந்த எடையுள்ள ஒரு சக்கரத்தை நிறுத்தி அடியில் இறக்கத்தை அளந்து k-யைத் திருப்பிக் கண்டுபிடியுங்கள்:

```
k = (P / 2w0)^(4/3) / (4EI)^(1/3)
```

ஸ்லீப்பருக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் முதல் சில கிலோநியூட்டனிலேயே பெரிய இறக்கம் தெரிந்துவிடும். அதனால் குறைந்த சுமையில் ஒன்று, அதிகச் சுமையில் ஒன்று என இரு அளவுகள் எடுத்து வித்தியாசங்களை மட்டும் சூத்திரத்தில் இடுங்கள்.

உங்கள் பாதையில் வரும் வேகனில் சக்கரங்கள் 2 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டாவது சக்கரத்துக்கு βx = 1.88. அது முதல் சக்கரத்தின் அடியில் இறக்கத்தை 10 சதவீதம் கூட்டுகிறது. வளைவுத் திருப்புத்திறனை 19 சதவீதம் குறைக்கிறது. தகைவைச் சரிபார்க்கும்போது அடுத்த சக்கரம் விலகியிருக்கும் நிலையையும், இறக்கத்தைச் சரிபார்க்கும்போது இரண்டும் சேர்ந்து நிற்கும் நிலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.