72ஐ வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் வருவது எப்படி?

கேள்வி: கிசான் விகாஸ் பத்திரத்தில் 7.5% வட்டிக்கு 115 மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்றார்கள். 72ஐ 7.5ஆல் வகுத்தேன், 9.6 வருடம் சரியாக வந்தது. ஊரில் 3 வட்டிக்கு வாங்கிய கடனுக்கும் இதே கணக்கு போடலாமா? இந்த 72 எங்கிருந்து வந்தது?

பதில்: உண்மையான எண் 72 இல்லை, 69.3. வட்டி நொடிக்கு நொடி அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தால், இரட்டிப்பாகும் காலம் 69.3ஐ வட்டி விகிதத்தால் வகுத்தது. 2இன் இயல் மடக்கை 0.693 என்பதுதான் அதன் மூலம்.

ஆனால் பத்திரத்தில் வட்டி வருடக் கடைசியில்தான் அசலில் சேர்கிறது. அதுவரை அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. அதனால் 8% என்பது, நொடிக்கு நொடி சேரும் கணக்கில் ஏறக்குறைய 7.7% அளவுக்குத்தான் வேலை செய்கிறது. 69.3ஐ 7.7ஆல் வகுத்தால் 9 வருடம். 72ஐ 8ஆல் வகுத்தாலும் அதே 9. இந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் 69.3ஐ 72 ஆக உயர்த்தியிருக்கிறோம். 2, 3, 4, 6, 8, 9, 12 என்று பல எண்களால் மீதியின்றி வகுபடுவது கூடுதல் வசதி.

அந்த ஈடு 8%ஐ ஒட்டித்தான் கச்சிதம். வட்டி 2% என்றால் 72 விதி 36 வருடம் சொல்லும், உண்மையில் 35 போதும். 24% என்றால் விதி 3 வருடம் சொல்லும், உண்மையில் 3.2 வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு: 72க்குப் பதில், 69.3உடன் வட்டி விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வகுங்கள்.

இப்போது உங்கள் கடன். 3 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். அதை வருடம் 36% என்று எடுத்து 72ஐ வகுத்தால் 2 வருடம், அதாவது 24 மாதம். மாதம் 3% என்று எடுத்து வகுத்தாலும் 24 மாதம்தான். வட்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை அசலில் சேர்கிறது என்பது இந்த வகுத்தலுக்குத் தெரியாது. கடன் இரட்டிப்பாவதோ அதைப் பொறுத்துத்தான். கட்டாத வட்டியை மாதாமாதம் அசலில் சேர்த்தால் இருபத்து மூன்றரை மாதம். வருடத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 27 மாதம். வட்டிக்கு வட்டியே போடாத தனிவட்டி என்றால் 72 விதி பொருந்தவே பொருந்தாது. அப்போது 100ஐ 3ஆல் வகுக்க வேண்டும்: 33 மாதமும் 10 நாளும்.

ஆகவே கடன் கொடுத்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கட்டாத வட்டியை அசலில் சேர்க்கிறாரா, சேர்த்தால் மாதமா, வருடமா என்பதைத்தான். மாதம் என்றால் மாத வட்டியை வைத்தே வகுங்கள், விடையும் மாதத்தில் வரும். 3 சிறிய எண் என்பதால் 72ஐவிட 70 போட்டால் இன்னும் நெருங்கி வரும்.