எமோஜி போட்டதால்தான் மெயில் ஸ்பாமுக்குப் போனதா?

"சார், விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் 1,200 பேருக்கு, கடையின் ஜிமெயில் முகவரியிலிருந்து ஒரு பல்க் மெயில் சேவை வழியாகச் செய்தி அனுப்புவேன். சித்திரைத் திருவிழாத் தள்ளுபடிக்கு 600 பேருக்குத் தலைப்பில் 🎉 போட்டும், 600 பேருக்குப் போடாமலும் அனுப்பினேன். போட்டதை 138 பேரும் போடாததை 120 பேரும் திறந்ததாக ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் எமோஜி போன பக்கத்தில் ஆறேழு பேர், 'ஸ்பாமில் கிடந்தது' என்று போன் செய்தார்கள். எமோஜியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?"

எமோஜியை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். முதலில் அனுப்புநர் முகவரியைப் பார்க்க வேண்டும்.

ஸ்பாமில் கிடந்ததாகச் சொன்னவர்களில் ஒருவரை, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அந்த மெயிலின் மூன்று புள்ளியைத் தட்டி Show original என்பதைத் திறக்கச் சொல்லுங்கள். மேலே SPF, DKIM, DMARC என்று மூன்று வரி இருக்கும். மெயில் உண்மையிலேயே அந்த அனுப்புநரிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் மூன்று சோதனைகள் அவை. உங்கள் மெயிலில் முதல் இரண்டும் PASS என்றும், மூன்றாவது FAIL என்றும் இருக்கும் என்றே நினைக்கிறேன். காரணம் எளிது. மெயிலை உண்மையில் அனுப்பியது அந்தச் சேவையின் சர்வர். அதில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தும் அந்தச் சேவையின் டொமைன் பெயரில்தான். ஆனால் வாடிக்கையாளர் பார்க்கும் அனுப்புநர் முகவரியோ gmail.com. இந்த இரண்டு பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் DMARC. கூகுளின் பெயரில் வெளியார் அனுப்பும் மெயில் என்றுதான் ஜிமெயிலுக்கு அது தெரியும்.

இந்தக் குறை 1,200 பேருக்குப் போன எல்லா மெயிலிலும் இருக்கிறது. எமோஜி போகாத பக்கத்தில் யாரையாவது கேட்டுப் பார்த்தீர்களா? இரண்டு பக்கத்திலிருந்தும் நன்றாகப் பழகியவர்களாக இருபது இருபது பேரைப் பிடித்து, "ஸ்பாமில் இருக்கிறதா, பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தால் 🎉 மீது பழி இல்லை.

சரி, எமோஜியைக் கண்டாலே ஸ்பாம் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மெயில் தலைப்பு முதலில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே என்று அமைந்தது. மற்ற எழுத்துகளை அதில் அனுப்ப, அவற்றை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிக் கட்டும் முறை ஒன்றை 1992-இல் வகுத்தார்கள். உங்கள் 🎉 அந்த முறையில் இப்படித்தான் பயணம் செய்கிறது:

```
Subject: =?UTF-8?B?8J+OiQ==?=
```

இப்படிக் கட்டாமல் எமோஜியைப் பச்சையாகத் தலைப்பில் வைத்து அனுப்பினால், ஸ்பாம்அசாசின் போன்ற ஃபில்டர்கள் அதற்குத் தனியாகக் குறைப்புள்ளி போடும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். சில ஸ்கிரிப்டுகள் நீளமான தலைப்பைத் துண்டாக்கும்போது ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். அப்போது தலைப்பில் � என்ற குறி தெரியும். ஆனால் தமிழில் தலைப்பு எழுதுகிற நமக்கு ஒரு விஷயம் முக்கியம்: "சித்திரை" என்ற சொல்லும் இதே முறையில் கட்டப்பட்டுத்தான் போகிறது. எமோஜி இல்லாத உங்கள் தமிழ்த் தலைப்பும் அதே கட்டுதான். அதனால் ஒரு 🎉 சேர்ந்ததால் மெயிலின் அமைப்பில் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. உங்கள் சேவை கட்டுவதைச் சரியாகவே செய்கிறதா என்பதும் அதே Show original பக்கத்தில், மேலே உள்ள பட்டியலுக்குக் கீழே வரும் Subject வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எமோஜி கெடுதல் செய்யும் வழி வேறு. அது மனிதர் வழியாக வருகிறது. 🔥🔥🎉🎉 என்று வரிசையாக அடுக்கினாலோ, சாதாரணத் தள்ளுபடிக்கு 🚨 போட்டாலோ எரிச்சலில் சிலர் "ஸ்பாம்" பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயில் அந்தப் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்று அனுப்புகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. 1,200 பேரில் 0.3 சதவீதம் என்றால் நான்கு பேர்கூட இல்லை. சின்னப் பட்டியல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு எரிச்சலும் பெரிய கணக்கு. அதனால்தான் ஒரு தலைப்புக்கு ஒரு எமோஜி, அதுவும் கடைசியில் என்று சொல்வேன். பார்வையற்றவர்கள் போனில் தலைப்பைக் கேட்கும்போது ஒவ்வொரு எமோஜியின் பெயரும் வாசிக்கப்படும். நான்கு அடுக்கினால் தள்ளுபடி என்ற சொல் வருவதற்குள் அவர் அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார்.

இனி அந்த 138-க்கும் 120-க்கும் வருகிறேன். 18 பேர் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அறுநூறு அறுநூறாகப் பிரித்து, இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மெயிலை அனுப்பினால்கூட இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரும். ஐந்தில் ஒருவர் திறக்கிற பட்டியலில், வித்தியாசம் 27 பேரையாவது தாண்டினால்தான் எமோஜியால் வந்தது என்று ஓரளவு நம்பலாம். ஒரே மெயிலில் அதைக் காண்பது கடினம். நான்கு மெயிலுக்கு, ஒவ்வொரு முறையும் பெயர்களைப் புதிதாகக் குலுக்கிப் பிரித்து, ஒரே நேரத்தில் அனுப்பி, கூட்டிப் பாருங்கள். அப்போதும் இதே 3 சதவீத வித்தியாசம் நின்றால் அது 72 பேர். அங்கே தற்செயலின் எல்லை ஏறக்குறைய 54. அதைத் தாண்டுவதால் நம்பலாம்.

இன்னொரு சிக்கல், "திறந்தார்" என்ற எண்ணிக்கையே கலங்கல். மெயிலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021-இலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமை வசதியைப் போட்டு வைத்தவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் தொடாமலேயே அந்தப் படம் இறங்கிவிடுகிறது. மறுபக்கம், ஜிமெயில் ஸ்பாம் பெட்டியில் படங்களைக் காட்டுவதில்லை. உங்களுக்கு போன் செய்த அந்த ஆறேழு பேர் மெயிலைப் படித்தவர்கள்தான், ஆனாலும் 138-இல் இருக்க மாட்டார்கள். அதனால் எமோஜி போன பக்கத்துக்கு ஒரு கூப்பன் குறியீடு, மற்றதற்கு வேறொன்று என்று கொடுத்து, கடையில் வந்து சொன்னவர்களை எண்ணுங்கள். சேலை வாங்க வந்தவர் எண்ணிக்கையில் ஆப்பிள் குறுக்கே வராது.

அடுத்த மெயிலுக்கு முன் செய்ய வேண்டியது: கடை பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். உங்கள் மெயில் சேவை தரும் இரண்டு மூன்று வரிகளை டொமைனின் DNS பகுதியில் சேர்க்க வேண்டும். கூடவே _dmarc என்ற பெயரில் இந்த TXT வரியும்:

```
v=DMARC1; p=none
```

ஒரு நாள் கழித்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி Show original பாருங்கள். மூன்றும் PASS ஆன பிறகு, எடுத்த எடுப்பில் 1,200 பேருக்கும் அனுப்ப வேண்டாம். புதிய டொமைனை ஜிமெயிலுக்கு இன்னும் பழக்கமில்லை. கடந்த ஆறு மாதத்தில் வாங்கிய நூறு நூற்றைம்பது பேருக்கு முதலில் அனுப்புங்கள், அப்புறம் வாரம் வாரம் கூட்டுங்கள். எமோஜிச் சோதனையை அதெல்லாம் முடிந்தபின் தொடங்கினால் போதும்.

தலைப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரை சுங்குடிக்கு 15% தள்ளுபடி 🥻". இந்தச் சேலை எமோஜி 2019-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய போன்களில் வெறும் கட்டமாகத் தெரியலாம். கட்டம் தெரிந்தாலும் தலைப்பு முழுதாகப் புரிகிறது. "சுங்குடி" என்ற சொல்லுக்குப் பதிலாக அதை வைத்திருந்தால்தான் சிக்கல்.