மூன்றாம் பந்தியில் ஒளிந்திருக்கும் கேள்வி

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். உயிரியல் பட்டதாரி. தரவு விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கான நோக்க அறிக்கையை இணைத்திருக்கிறேன். எங்கள் பிரிவின் நான்கு ஆண்டு டெங்குப் பரிசோதனைப் பதிவுகளை எக்செலில் தொகுத்து, நுளம்புக் குடம்பிகள் அதிகமுள்ள இடங்களில் நோயாளிகளும் அதிகம் என்று கண்டதையும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் வேலைக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று தேர்வுக் குழு நினைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேலையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? எதை மறைக்க வேண்டும்?

– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

எதையும் மறைக்க வேண்டாம். முதல் பந்தியை மட்டும் தூக்கிவிடுங்கள். தரவுதான் இந்த நூற்றாண்டின் எண்ணெய் என்பதும், சிறுவயது முதலே எண்கள் மீது உங்களுக்குத் தீராத காதல் என்பதும் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒரே நாளில் பலமுறை படித்துச் சலித்த வரிகள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 500 முதல் 1000 சொற்களுக்குள் முடிக்கச் சொல்கின்றன. அதில் நூறைக் காதலுக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் அறிக்கையின் உயிர் மூன்றாம் பந்தியில் இருக்கிறது. அங்கேதான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. குடம்பி அதிகமுள்ள கிராம சேவகர் பிரிவுகளில் நோயாளிகள் அதிகம், ஒரே வாரத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன என்று எழுதி, ‘வலுவான தொடர்பைக் கண்டறிந்தேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். புள்ளியியல் கற்பிக்கும் ஒருவர் இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவது இதுதான்: அந்த வீடுகளுக்கு நீங்கள் ஏன் போனீர்கள்?

விடை உங்களுக்குத் தெரியும். வைத்தியசாலையில் டெங்கு சந்தேகிக்கப்பட்டால் எச்-544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வருகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியின் வீட்டுக்குப் போகிறீர்கள். அக்கம்பக்கத்து வளவுகளில் பழைய டயர், பீலி, யோகட் கோப்பை, மூடாத நீர்த்தாங்கி எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். நோயாளி இருந்ததால் போனீர்கள், போனதால் குடம்பி கண்டீர்கள். நோயாளி இல்லாத பிரிவில் அந்த வாரம் யாரும் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை. அங்கே குடம்பி இல்லை என்று உங்கள் எக்செல் சொல்லவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. வெறுமையைப் பூச்சியமாக எடுத்துக் கூட்டியிருந்தால், நீங்கள் கண்ட தொடர்பில் எவ்வளவு நுளம்பினுடையது, எவ்வளவு உங்கள் மோட்டார் சைக்கிள் போன பாதையினுடையது என்று பிரிக்க முடியாது.

காலக் கணக்கும் உதைக்கிறது. இன்று நீரில் காணும் குடம்பி பறக்கும் நுளம்பாகச் சில நாட்கள் வேண்டும். அது ஒரு நோயாளியைக் கடித்த பிறகு, வைரஸ் அதன் உடலில் பெருகி அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க மேலும் 4 முதல் 10 நாட்கள். பிறகு அவர் வைத்தியசாலைக்குப் போய், படிவம் உங்கள் மேசைக்கு வர வேண்டும். ஆக, இந்த வாரக் குடம்பியால் வரக்கூடிய நோயாளிகள் ஏறத்தாழ மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் பதிவேட்டில் ஏறுவார்கள். ஒரே வாரத்தில் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன என்றால், காரணம் நோயாளியிடமிருந்து உங்கள் பரிசோதனைக்கு ஓடியிருக்கிறது. குடம்பியிலிருந்து நோயாளிக்கு அல்ல.

இதைக் கேட்டு மூன்றாம் பந்தியை அழித்துவிடாதீர்கள். அந்த ஓட்டையையே அறிக்கையின் நடுவில் வையுங்கள். கணினி விஞ்ஞானம் படித்துவிட்டு நேரே வரும் இளைஞருக்கு அந்த எக்செல் வெறும் எண்வரிசை. ஒவ்வொரு வரியும் எப்படிப் பிறந்தது என்று தெரிந்த ஒருவரைக் குழு அடிக்கடி பார்ப்பதில்லை.

அனுப்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பதிவில் ‘வருகைக்கான காரணம்’ என்று ஒரு பத்தி சேர்த்து, நோயாளியைத் தேடிப் போனவற்றையும், முன்கூட்டியே திட்டமிட்ட டெங்கு ஒழிப்பு நாட்களில் போனவற்றையும் பிரியுங்கள். இரண்டாம் வகையை மட்டும் எடுத்து, பிரிவுவாரியாக பிரெட்டோ சுட்டியைக் கணக்கிடுங்கள். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் குடம்பி என்ற அந்தக் கணக்கு உங்களுக்குப் பாடம்தான். பிறகு அதே வார நோயாளிகளோடு அல்லாமல், மூன்று முதல் ஐந்து வாரம் பிந்திய நோயாளிகளோடு ஒப்பிடுங்கள். வடகீழ்ப் பருவமழை வந்தால் நம் பக்கத்தில் இரண்டுமே ஏறும் என்பதால், மழை மாதங்களைத் தங்களுக்குள்ளும் வறண்ட மாதங்களைத் தங்களுக்குள்ளும் ஒப்பிட வேண்டும். தொடர்பு பாதியாகக் குறையலாம், காணாமலே போகலாம். எது வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

பந்தி ஏறக்குறைய இப்படி வரலாம். எண்களை உங்கள் கோப்பிலிருந்து போட்டு, ஆங்கிலத்தில் உங்கள் வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள்:

‘நான்கு ஆண்டுப் பதிவுகளில் குடம்பிக்கும் நோயாளிகளுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் சென்றதே நோயாளி இருந்ததால்தான். திட்டமிட்ட பரிசோதனைகளை மட்டும் எடுத்து, சில வார இடைவெளி விட்டு ஒப்பிட்டபோது தொடர்பு வெகுவாகக் குறைந்தது. எஞ்சியது உண்மையானதா, மழையின் நிழலா என்பதை என்னிடமுள்ள கருவிகளால் சொல்ல முடியவில்லை. பரிசோதிக்கப்படாத வீடுகளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதும் தெரியவில்லை. இவற்றைக் கற்கவே விண்ணப்பிக்கிறேன்.’

வேலைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற பந்தியும் தானாக அமையும். ‘உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்கள்’ என்ற வரியை வெட்டிவிட்டு, அவர்களின் பாடத்திட்டத்தில் காலத்தொடர்ப் பகுப்பாய்வு, இடஞ்சார் புள்ளியியல், விடுபட்ட தரவு ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பாடங்களின் பெயரை எழுதுங்கள். மூன்றுமே இல்லையென்றால் அந்த இடம் உங்களுக்கானதுதானா என்று யோசியுங்கள். படத்திலிருந்து பூனையை அடையாளம் காண்பதையே இரண்டு ஆண்டும் கற்பிக்கும் இடங்களும் உண்டு.

குழுவின் உண்மையான சந்தேகம் கணிதத்தில்தான் இருக்கும். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு தெரியாதவர் முதல் தவணையிலேயே தடுமாறுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். உயிரியல் பட்டத்தில் இவை குறைவு என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரி போதும், அதில் சான்று இருக்க வேண்டும்: எந்தப் பாடத்தை எங்கே படித்து எந்தப் பரீட்சையில் சித்தியடைந்தீர்கள் என்று. இன்னும் படிக்கவில்லையென்றால் இப்போதே பதிந்துகொண்டு, முடியும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். நீங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் ஆறு மென்பொருள்களில், மேலே சொன்ன கணக்கை எதில் செய்தீர்களோ அது மட்டும் இருக்கட்டும். நேர்முகத்தில் மற்ற ஐந்தைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

நோயாளிகளின் பெயரும் முகவரியும் உள்ள கோப்பை எங்கும் இணைக்காதீர்கள், இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். பெயரை நீக்கினாலும், சிறிய கிராமத்தில் ஒரு வாரத்தில் ஒரே நோயாளி என்றால் அவர் யாரென்று ஊருக்கே தெரியும். மொத்த எண்களைப் பயன்படுத்தவும் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் அவரிடமே கேட்கலாம். கேட்கும்போது புதிய மூன்றாம் பந்தியைக் காட்டுங்கள். ‘கடமையுணர்வு மிக்கவர்’ என்று பொதுவாக எழுதாமல், அந்தக் கணக்கை நீங்கள் செய்ததைத் தாம் பார்த்ததாக அவர் எழுதினால் அது பயன்படும்.