பெயரைச் சொல்லுங்கள், கேளுங்கள், பிறகு முழங்கையைக் கொடுங்கள்

கொக்குவில் மாணவன்: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வெள்ளைப் பிரம்போடு நின்ற ஐயா ஒருவரை வீதி கடக்க வைப்பதற்காகக் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். என்ன பிழை செய்தேன்?

தம்பி, பிரம்பு பிடித்த கையைப் பிடித்திருப்பீர்கள். அந்தக் கைதான் அவருக்கு வழி சொல்கிறது. திடீரென்று பிடிப்பவர் உதவ வந்தவரா, பையைப் பறிக்க வந்தவரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீதியைக் கடக்கும் எண்ணமே இல்லாமல், பருத்தித்துறை பஸ்ஸுக்காக நின்றவராகவும் இருக்கலாம்.

இரண்டடி தள்ளி முன்னால் நின்று, "ஐயா வணக்கம், நான் கொக்குவிலில் படிக்கிற பெடியன், பெயர் இன்னது. உதவி ஏதும் வேண்டுமா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் விலகிவிடுங்கள். பதிலே வராவிட்டால், தன்னிடம்தான் பேசுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. புறங்கையை ஒருமுறை மெல்லத் தொட்டு மறுபடி கேளுங்கள்.

ஆம் என்றால், எந்தப் பக்கம் வருவது என்று கேட்டு, உங்கள் புறங்கையால் அவர் கையைத் தொடுங்கள். அவரே உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். நீங்கள் திரும்புவதும் தயங்குவதும் உங்கள் கையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் நின்று, "மேலே ஒரு படி" அல்லது "கீழே ஒரு படி" என்று சொல்லுங்கள். "பார்த்து" என்று மட்டும் சொன்னால் ஏறுவதா இறங்குவதா என்று அவருக்குத் தெரியாது.

குளுக்கோமாவில் பார்வை போன என் கணவரை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றுகிறேன் என்று ஒருவர் முதுகில் தள்ளினார். மிதிபலகையில் அடிபட்டு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. வாசல் கம்பியில் அவர் கையை வைத்துவிட்டிருந்தால் போதும், தானே ஏறியிருப்பார்.

சுன்னாகம் பெரியவர்: பார்வையில்லாதவர்களுக்குக் குரலே போதும். "யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றுதான் நான் தொடங்குவேன். பெயரைச் சொன்னால் அவர்களுக்குக் குறையல்லவா?

அண்ணை, நீங்கள் சொல்வது பாதி சரி. தினமும் பேசுகிறவரின் குரல் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நல்லூர்த் திருவிழாவில் மணியும் நாதஸ்வரமும் கேட்கும்போது, மூன்று மாதம் காணாதவரின் குரலை யாரால் பிரித்தறிய முடியும்? என் கணவர் அப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டு, தெரிந்ததுபோல் சிரித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் "அது யார்?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. "நான் சுன்னாகம் இன்னார்" என்று இரண்டு சொல் சொன்னால் அந்தச் சோதனை அவருக்கு இல்லை. புறப்படும்போதும் "நான் போய்வருகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால் அவர் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

மானிப்பாய் மருமகள்: மாமிக்கு 78 வயது, காது மந்தம். கத்திச் சொன்னாலும் புரிவதில்லை, "ஏன் ஏசுகிறாய்?" என்று கோபிக்கிறார். காதுக்கு எந்த எண்ணெய் விடலாம்?

எண்ணெய் எதுவும் விடாதீர்கள், பிள்ளை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல். முதலில் காது வைத்தியரிடம் காட்டி, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோபத்துக்குக் காரணம் வேறு. முதுமையில் பெரும்பாலும் கீச்சொலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். ச, த, க போன்ற எழுத்துகள் மங்கிவிடும், உயிரொலிகள் கேட்கும். கத்தும்போது கேட்கிற பகுதிதான் பெரிதாகிறது, கேட்காத பகுதி தெளிவதில்லை. முகமும் சுளிக்கிறது, அது அவருக்கு ஏச்சாகத் தெரிகிறது.

குசினியிலிருந்து கூப்பிடாமல், அவர் பார்க்கும் பக்கமாக மூன்றடி தூரத்துக்கு வாருங்கள். கையசைத்தோ தோளைத் தொட்டோ அவர் பார்வை உங்கள் மேல் விழுந்த பிறகு பேசுங்கள். யன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், மாறி நில்லுங்கள். புரியாவிட்டால் அதே வசனத்தைத் திருப்பாமல் சொல்லை மாற்றுங்கள். நான் கற்பித்த காது கேளாத பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள். ஆனாலும் "பணம்" என்பதும் "மணம்" என்பதும் உதட்டில் ஒன்றுதான். "காசு" என்றால் பிடித்துக்கொள்வார்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் மாமியிடம் சொல்லாதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: தனியாக நிற்கும் பார்வையற்ற பெண்ணுக்கு ஆண் ஒருவர் முழங்கை கொடுக்கலாமா?

எனக்கும் என் தோழிக்கும் இதில் இன்றும் ஒத்துப்போகவில்லை. அவளுக்குப் பார்வையில்லை. கேட்டால் போதும், பிடிப்பதா விடுவதா என்று தானே தீர்மானிப்பேன் என்கிறாள். நம் ஊரில் மறுக்கக் கூச்சப்படும் பெண்களையும் நான் கண்டிருக்கிறேன். அதனால் "என் கையைப் பிடிக்கிறீர்களா, நான் முன்னால் பேசிக்கொண்டே நடக்கட்டுமா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்று நினைக்கிறேன். பிரம்பின் நுனியைப் பிடித்து இழுத்துப் போவது மட்டும் வேண்டாம். அதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.