ஒற்றை ஸ்பீக்கருக்காகச் செய்த மிக்ஸ்: பீட்டில்ஸ் மோனோ பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அறுபதுகளில் ஸ்டீரியோ பதிவுக் கருவிகள் இல்லாததால்தான் பீட்டில்ஸ் எல்லாவற்றையும் மோனோவில் செய்தார்கள் என்று எங்கோ படித்தேன். சரிதானே அண்ணா?

பாதிதான் சரி தம்பி. மோனோவுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் கருவி இல்லாதது காரணமல்ல. இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். ஸ்டீரியோ எல்.பி. 1958-இல் கடைக்கு வந்தது. பீட்டில்ஸ் பாடிய அதே அபே ரோடு ஸ்டுடியோவில், அவர்கள் வருவதற்கு முன்பே மேற்கத்திய செவ்வியல் இசையை ஸ்டீரியோவில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டுடியோவில் ஸ்டீரியோ இருந்தது, பாட்டைக் கேட்கும் பையன் வீட்டில்தான் இல்லை. அவனிடம் இருந்தது மூடி போட்ட பெட்டி பிளேயர், அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். இல்லையென்றால் டிரான்சிஸ்டர் ரேடியோ, கடைத்தெருவில் ஜூக்பாக்ஸ். பி.பி.சி.யின் ரேடியோ 1 ஆரம்பித்தது 1967 செப்டம்பர் 30 அன்று, அதுவும் மீடியம் வேவில், மோனோவாக. சிங்கிள் ரெக்கார்டுகளும் மோனோதான். பிரிட்டனில் பீட்டில்ஸின் முதல் ஸ்டீரியோ சிங்கிள் 1969 மே மாதம்தான் வந்தது. ஸ்டீரியோ வைத்திருந்தவர்களில் பலர் வசதியான, வயதில் மூத்த, செவ்வியல் இசை கேட்கும் ஆட்கள். ராக் கேட்ட கூட்டம் வேறு.

கேள்வி: ஸ்டீரியோ ரெக்கார்டை மோனோ பிளேயரில் போட்டாலும் பாட்டு வருமே. பிறகு ஏன் இரண்டு விதமாக அச்சடித்தார்கள்? ஒன்றையே விற்றிருக்கலாமே?

பாட்டு வரும், ரெக்கார்டுதான் வீணாகும். மோனோ பள்ளத்தில் ஊசி இடமும் வலமுமாக மட்டும் ஆடும். ஸ்டீரியோ பள்ளத்தின் இரு சுவர்களிலும் வெவ்வேறு ஒலி வெட்டப்பட்டிருப்பதால் ஊசி மேலும் கீழும்கூட ஆட வேண்டும். ஊசியைத் தாங்கும் பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் மேல் கீழாக விறைப்பானது, அசைந்து கொடுக்காது. பள்ளத்தை உழுதுகொண்டே போகும். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் இருந்த பழைய பிளேயரில் ஒரு ஸ்டீரியோ எல்.பி.யை ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போட்டுக் கேட்டேன். விடுமுறை முடிவதற்குள் உச்ச ஒலிகளெல்லாம் கரகரப்பாகிவிட்டன. அந்த ரெக்கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

அதனால்தான் அன்று கடைக்காரர்கள் 'உங்களிடம் என்ன பிளேயர் இருக்கிறது?' என்று கேட்டு விற்றார்கள். அமெரிக்காவில் ஸ்டீரியோ எல்.பி. மோனோவைவிட ஒரு டாலர் கூடுதல். 1967-இல் அங்கே மோனோவின் விலையையும் ஏற்றி இரண்டையும் சமமாக்கினார்கள். அடுத்த ஆண்டே மோனோ எல்.பி.க்கள் அங்கே மறையத் தொடங்கின.

கேள்வி: மோனோ மிக்ஸ்தான் 'அசல்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது கொஞ்சம் மிகைதானே ஐயா? ஒரே டேப், ஒரே பாட்டு. ஸ்டுடியோவில் அப்படி என்ன வேறுபாடு நடந்திருக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்று டேப்பில் தனித்தனியாக ஒலி பதியும் டிராக்குகள் நான்குதான். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் பல நேரம் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் போதாவிட்டால் நான்கையும் சுருக்கி இன்னொரு டேப்பின் ஒன்றிரண்டு டிராக்குகளுக்கு மாற்றுவார்கள். கடைசியில் மிக்ஸிங்கின்போது எதைத் தூக்குவது, எதில் எதிரொலி சேர்ப்பது, டேப்பை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். 1967-இல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு இந்த முடிவுகளெல்லாம் மோனோ மிக்ஸில்தான் எடுக்கப்பட்டன. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் பாட்டுப் பாட்டாக நேரம் செலவழித்தார்கள், பீட்டில்ஸ் பக்கத்திலேயே இருந்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸை பீட்டில்ஸ் இல்லாமலேயே, மிகக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள்.

அதன் விளைவைக் காதாலேயே கேட்கலாம். அந்த ஆல்பத்தில் வீட்டை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றிய பாட்டு, 'ஷீஸ் லீவிங் ஹோம்'. மோனோவில் டேப்பை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள், சுருதி ஏறக்குறைய அரை சுரம் மேலே போகும். ஸ்டீரியோ செய்யும்போது அந்த வேக மாற்றத்தைச் செய்யவில்லை. ஆகவே ஸ்டீரியோவில் அது மெதுவான, கனமான பாட்டு. மோனோவில் அதற்கு ஒரு பதற்றம் இருக்கிறது. 2017-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது பழைய ஸ்டீரியோவை விட்டுவிட்டு மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். இந்தப் பாட்டும் அதில் மோனோ வேகத்துக்குத் திரும்பியது.

இதைவிடத் தெளிவான சாட்சி 'ஐ ஆம் த வால்ரஸ்'. 1967 செப்டம்பர் 29. பாட்டு பதிவாகி முடிந்து மோனோ மிக்ஸ் நடக்கிறது. ஒரு ரேடியோவை மிக்ஸிங் மேசையோடு இணைத்து, நிலையங்களைத் திருகியபடியே நேரடியாகப் பாட்டுக்குள் விட்டார்கள். அப்போது பி.பி.சி. மூன்றாம் அலைவரிசையில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டின் கடைசியில் கேட்கும் அந்தப் பேச்சுக் குரல்கள் அதுதான்.

அந்த ரேடியோ ஒலி நான்கு டிராக் டேப்பில் இல்லை, மிக்ஸ் செய்யும் அந்த நிமிடத்தில் உள்ளே வந்தது. ஆகவே அது மோனோ மிக்ஸில் மட்டும்தான் இருந்தது. நவம்பரில் ஸ்டீரியோ செய்ய உட்கார்ந்தபோது அதே ஒலிபரப்பை எங்கே போய்ப் பிடிப்பது? பாட்டின் முதல் பகுதியை உண்மையான ஸ்டீரியோவாகச் செய்து, ஏறக்குறைய இரண்டாவது நிமிடத்திலிருந்து மோனோ மிக்ஸையே வெட்டி ஒட்டினார்கள். அதில் தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலிகளை மறு பக்கமுமாகப் பிரித்து ஸ்டீரியோ மாதிரி காட்டினார்கள். ஹெட்ஃபோனில் பழைய ஸ்டீரியோவைக் கேளுங்கள், அந்த இடத்தில் இசை திடீரென்று ஒடுங்கி மங்கும். ஸ்டீரியோ இரண்டாவதாக வந்தது என்பதற்கு அந்தத் தையலே போதும்.

கேள்வி: நான் ஃபோனில் ஸ்டீரியோ பாட்டை மோனோவாக மாற்றித்தான் கேட்கிறேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் மோனோ, அவ்வளவுதானே. இதற்காக மோனோ தொகுப்புப் பெட்டிக்குக் காசு கொடுப்பது வீண் செலவு என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்பது மடித்த மோனோ. அன்றைய நிறுவனங்களும் சில சமயம் அதைத்தான் செய்தன. 1969 ஜனவரியில் பிரிட்டனில் வந்த 'யெல்லோ சப்மரீன்' மோனோ எல்.பி. ஸ்டீரியோவை மடித்து எடுத்ததுதான். அதைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் தனியாகச் செய்த மோனோ வேறு. மடிக்கும்போது இரு பக்கத்திலும் சமமாக இருக்கும் ஒலி தூக்கலாகும், ஓரத்தில் மட்டும் இருப்பது அமுங்கும். தனி மோனோவில் அந்த அளவுகளை ஒரு மனிதர் ஒரே ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து தீர்மானித்திருப்பார். கிடாரை இடப்பக்கம் ஒதுக்கிவைக்கும் வசதி அவருக்குக் கிடையாது. குரலும் கிடாரும் மோதினால் ஒன்றின் தொனியை மாற்றித்தான் வழிவிட முடியும். 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஸ்டீரியோவை உங்கள் ஃபோனில் எப்படி மடித்தாலும் மோனோவின் சுருதி வராது. ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இடது காது சிறுவயதிலிருந்தே கேட்காது சார். ஆரம்பகால பீட்டில்ஸ் பாட்டுகளை இயர்ஃபோனில் போட்டால் பாடுகிறவர்கள் மட்டும்தான் கேட்கிறார்கள், வாத்தியங்கள் காணாமல் போகின்றன. ஃபோன் பழுதா?

ஃபோனில் பழுதில்லை அம்மா. முதல் இரண்டு ஆல்பங்களும் இரண்டே டிராக் டேப்பில் பதிவானவை. ஒன்றில் வாத்தியம், மற்றதில் குரல். பின்னால் மோனோவில் சேர்க்கும்போது குரலைக் கூட்டிக் குறைக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் பிரித்தார்கள். அதையே அப்படியே இடம் வலமாகப் போட்டு ஸ்டீரியோ எல்.பி. ஆக்கிவிட்டார்கள். உங்கள் வலது காதில் விழுவது குரல் டிராக்.

உங்களுக்குச் சரியானது மோனோ பதிப்புகள்தான். 1987-இல் குறுந்தகடு வந்தபோது முதல் நான்கு ஆல்பங்களை மோனோவில்தான் வெளியிட்டார்கள். 2009-இல் மோனோ தொகுப்புப் பெட்டி வந்தது. கையில் இருக்கும் மற்ற பாட்டுகளுக்கு ஃபோனில் அணுகல் வசதிப் பகுதியில் மோனோ ஒலியை இயக்கிவிடுங்கள்.

பீச் பாய்ஸ் குழுவின் ப்ரையன் வில்சனுக்கு வலது காது கேட்காமல் இருந்தது. 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை அவர் மோனோவில்தான் செய்து முடித்தார். முழு ஸ்டீரியோ மிக்ஸ் வெளிவர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த மோனோவைக் கேட்டுப் பாருங்கள், ஒரு காதால் கேட்கிறவருக்கும் அதில் எதுவும் குறையாது.

கேள்வி: என் சித்தப்பா விட்டுப்போன 'சார்ஜன்ட் பெப்பர்' ஒன்று இருக்கிறது, டம் டம்மில் அச்சானது. மோனோவா ஸ்டீரியோவா என்று எப்படிப் பார்ப்பது? இன்றைய பிளேயரில் போட்டால் ஒரே கரகரப்பு. என்ன விலை போகும்?

கொல்கத்தா அருகே டம் டம்மில் கிராமஃபோன் கம்பெனியின் ஆலை இருந்தது, அங்கே அச்சானதாக இருக்கும். லேபிளில் எண்ணைப் பாருங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் மோனோ என்றால் பி.எம்.சி 7027, ஸ்டீரியோ என்றால் பி.சி.எஸ் 7027. உங்களுடையதிலும் அப்படி ஏதாவது முன்னெழுத்து இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

மோனோவாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். பாட்டு இருப்பது பக்கவாட்டு அசைவில் மட்டும். தூசியும் கீறலும் ஊசியை மேல் கீழாகவும் ஆட்டும். அந்த ஆட்டம் இரு பக்கத்திலும் எதிரெதிராக வருவதால், சேர்த்தால் பெரும்பாலும் அடித்துப் போய்விடும். கரகரப்பு ஓரளவு குறையும். பழைய விறைப்பான ஊசியால் தேய்ந்த ரெக்கார்டு என்றால் இது உதவாது. விலையை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். சித்தப்பா நினைவாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

கேள்வி: நீங்கள் 1967-ஐ வைத்தே பேசுகிறீர்கள். 1968 நவம்பர் வெள்ளை ஆல்பத்தில் கதை மாறுகிறது. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் பாட்டு மங்கி முடிந்துவிடுகிறது. ஸ்டீரியோவில்தான் மீண்டும் எழும்பி வந்து, கடைசியில் ரிங்கோ விரலில் கொப்புளம் என்று கத்துவது இருக்கிறது. அங்கே மோனோவை எப்படி முதன்மை என்பீர்கள்?

சொல்ல மாட்டேன், நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டுக்கு மோனோவை முதலில் செய்தார்கள், சில வாரம் கழித்து ஸ்டீரியோ. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசம். எனக்கும் ஸ்டீரியோதான் பிடிக்கும், அந்தக் கத்தல் இல்லாமல் அது முடியாத பாட்டாகவே தோன்றுகிறது. பிரிட்டனில் தனி மோனோ மிக்ஸ் கிடைத்த கடைசி பீட்டில்ஸ் ஆல்பம் அதுதான். அமெரிக்காவில் அது ஸ்டீரியோவில் மட்டும் வந்தது. அடுத்த ஆண்டு 'அபே ரோடு' ஸ்டீரியோவில் மட்டுமே.

வெள்ளை ஆல்பத்தில் வேறு பாட்டுகளிலும் இப்படி வித்தியாசங்கள் உண்டு. அவற்றில் எது வேண்டுமென்றே செய்தது, எது அவசரத்தில் நேர்ந்தது என்பதில் விஷயம் தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. நான் 1967 வரை மோனோவை முதலில் எடுப்பேன். 1968-க்குப் பாட்டுக்குப் பாட்டு இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்பேன்.