தேடினால் ஒன்றும் வராத உதவிப் பக்கம்: ஏஜெண்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்

கேள்வி: திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பக்கக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிறோம். நாற்பது கட்டுரை எழுதி உதவிப் பக்கம் செய்தும் எல்லோரும் கோல்தான் எடுக்கிறார்கள். மாதக் கட்டணத்துக்குப் புது உதவி மையம் போட்டுத் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். எடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்து, உள்நுழைந்து, தேடும் பெட்டியில் "பில் கேன்சல்" என்று அடித்தேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குக் கட்டுரை இருக்கிறது. "பரிவர்த்தனை முகாமைத்துவம்" என்ற பகுதிக்குள் "பரிவர்த்தனைகளை இரத்துச் செய்தல்" என்ற தலைப்பில் கிடக்கிறது. கல்லாவில் நிற்கிறவர், முன்னால் மூன்று பேர் காத்திருக்கும்போது, பரிவர்த்தனை என்று ஏன் அடிக்கப் போகிறார்? ஏஜெண்டின் மையத்துக்கு இதே கட்டுரையைத் தூக்கிப் போனால் அங்கேயும் இதே வெறும் பக்கம்தான் வரும்.

உங்கள் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற வகை. அதற்கு "இரத்து" வேறு, "ரத்து" வேறு. தமிழில் சொல்லின் வாலும் மாறிக்கொண்டே இருக்கும், "கடன்" என்று தேடுகிறவருக்கு "கடன்கள்" என்று எழுதிய கட்டுரை வரலாம், "கடனை" என்று எழுதிய கட்டுரை வராது. அதனால் தலைப்பை "அடித்த பில்லை எப்படி ரத்துச் செய்வது?" என்று மாற்றுங்கள். கட்டுரையின் அடியில் தேடுசொற்கள் என்று ஒரு வரி வைத்து பில், பில்லை, ரத்து, இரத்து, கேன்சல், பில் பிழை, bill cancel எல்லாவற்றையும் போடுங்கள், தேடல் அந்த வரியையும் பார்க்க வேண்டும். இந்தச் சொற்களை நீங்களாக யோசித்து எழுதாதீர்கள். ஒவ்வொரு தேடலிலும் என்ன அடித்தார்கள், எத்தனை முடிவு வந்தது என்று பதிவாகும்படி செய்து, பூச்சியம் வந்தவற்றை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோல் எடுக்கிறவர் சொல்லும் முதல் வாக்கியத்தையும் அப்படியே எழுதி வையுங்கள்.

பழைய கையேட்டிலிருந்து ஒட்டிய கட்டுரைகளை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். "பில்" இருக்க வேண்டிய இடத்தில் `gpy;` என்று வந்தால் அது பாமினி எழுத்துரு, யுனிகோட் இல்லை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடலுக்கு அது தமிழே அல்ல. இத்தனை வருடமாகியும் பாமினியிலேயே கோப்பு அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. மாற்றிவிட்டுப் போடுங்கள்.

பகுதிகள் ஐந்தோ ஆறோ போதும்: பில், சாமான் இருப்பு, கடன் கணக்கு, பிரின்டர், உள்நுழைவு. அவ்வளவுதான்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கடை மென்பொருள்காரர் இப்படித்தான் ஒருவரிடம் கொடுத்தார். உதவிப் பக்கத்தின் முகவரி அந்த ஏஜெண்டின் டொமைனில், நிர்வாகக் கணக்கு அவருடைய மின்னஞ்சலில். கட்டணத்தை நிறுத்தியதும் பக்கமும் போனது, எழுதிய கட்டுரைகளும் போயின. யாரிடம் எடுத்தாலும் சரி, முகவரி உங்கள் சொந்த டொமைனின் கீழ் இருக்க வேண்டும், நிர்வாகக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், எல்லாக் கட்டுரைகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். காசு கொடுப்பதற்கு முன்பே அவர் முன்னால் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அது பிறகு பார்க்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "கோல் பாதியாகக் குறையும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள், தொலைபேசி எண்ணை ஒளித்து வைத்தாலும் கோல் குறையத்தான் செய்யும்.

எண் ஒளியக் கூடாது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், ஒன்றும் கிடைக்காத பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தானும், பதில் சொல்லும் நேரமும் இருக்கட்டும். இணைப்பு இப்படி வரும்:

```
https://wa.me/947XXXXXXXX?text=bill%20cancel
```

94க்குப் பிறகு 0 போடக் கூடாது, போட்டால் இணைப்பு வேலை செய்யாது. கடைசியில் இருப்பது அவர் தேடிய சொல். அது செய்தியாகவே வந்து நிற்கும், அவர் மறுபடி எழுதத் தேவையில்லை. "வகையைத் தெரிவு செய்க" என்று பத்துப் பெட்டி நிரப்பச் சொல்லும் படிவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல், தெரிந்தால் அவர் ஏன் கேட்கிறார்?

முதலில் தேடு, பிறகு கேள் என்பது பொது ஒழுங்கு. உள்நுழைய முடியாதவருக்கு மட்டும் அது பொருந்தாது. உங்கள் உதவிப் பக்கம் மென்பொருளுக்குள் போன பிறகுதான் திறக்கிறது, கடவுச்சொல் மறந்தவர் கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்ற கட்டுரையைப் படிக்கவே வழியில்லை. பக்கம் முழுவதையும் பூட்டில்லாமல் திறந்து வையுங்கள், அதன் முகவரியை உள்நுழைவுத் திரையிலேயே போடுங்கள், பக்கத்தில் எண்ணையும் போடுங்கள். இவரைத் தேட வைக்காதீர்கள், காலையில் கடை திறந்து பில் போட முடியாமல் நிற்கிறவர் அவர். எண்ணை எடுப்பவரிடம் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் அனுமதி இருக்க வேண்டும், ஆனால் கோல் வந்த எண் பதிவில் உள்ள கடைக்காரருடையதா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது. சந்தேகமென்றால் பதிவில் உள்ள எண்ணுக்கு நீங்களே திருப்பி எடுங்கள்.